கனடா பி.ஆர். மெடிக்கல்: யாருக்கு, எங்கே, எப்போது

"வணக்கம் அண்ணா. திருச்சியில் இருக்கிறோம். கனடா பி.ஆருக்கு, அதாவது நிரந்தரமாக அங்கே வசிக்கும் உரிமைக்கு, எக்ஸ்பிரஸ் என்ட்ரி திட்டத்தில் விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்துவிட்டது. எனக்கு 36 வயது, மனைவிக்கு 33, மகளுக்கு 12, மகனுக்கு 4. மெடிக்கலில் என்னென்ன பார்ப்பார்கள், எந்த கிளினிக்கில் எடுக்க வேண்டும், ரிசல்ட் எத்தனை மாதம் செல்லும்? மகனை முதலில் என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறோம், அவனுக்கும் எடுக்கணுமா? எனக்குச் சின்ன வயதில் பிரைமரி காம்ப்ளெக்ஸ் வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். மனைவிக்குச் சர்க்கரை இருக்கிறது. இதனால் மறுத்துவிடுவார்களா?"

தம்பி, முதலில் மகன் விஷயம். அவனுக்கும் கட்டாயம் எடுக்க வேண்டும். உங்களோடு பறக்கிறானா, பாட்டியிடம் இருக்கிறானா என்பது இதில் கணக்கே இல்லை. பி.ஆர். விண்ணப்பத்தில் மனைவி, பிள்ளைகள் எல்லோரையும் காட்ட வேண்டும். உடன் வராதவர்களுக்கும் மெடிக்கல் முடிந்திருக்க வேண்டும். இதை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், கனடாவின் குடிவரவு விதிகளில் 117(9)(d) என்று ஒரு பிரிவு இருக்கிறது. நீங்கள் பி.ஆர். வாங்கிய நேரத்தில் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படாமல் விடுபட்ட குடும்பத்தாரைப் பின்னால் ஸ்பான்சர் செய்து கூப்பிட அந்தப் பிரிவு தடை போடுகிறது. பெற்ற பிள்ளையாக இருந்தாலும் அதே கதிதான். அதிலிருந்து மீள மனிதாபிமான அடிப்படையில் தனியாக மன்றாட வேண்டியிருக்கும், அதற்கு வருஷக்கணக்கில் ஆகலாம். நான் இங்கே டொராண்டோவில் ஒரு குடிவரவு ஆலோசகர் அலுவலகத்தில் விண்ணப்பங்களைத் தயார் செய்யும் வேலையில் இருக்கிறேன். பிள்ளையைச் சேர்க்காமல் விட்டுவிட்டுப் பிறகு வந்து உட்கார்ந்து அழுத பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அதனால் நான்கு பேருக்கும் ஒன்றாக அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.

அடுத்தது தேதி. ரிசல்ட் செல்லுபடியாவது 12 மாதம். பரிசோதனை நடந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓடுகிறது. குடிவரவுத் துறை பாஸ் போட்ட நாளிலிருந்து அல்ல. பலர் இந்த 12 மாதத்தை விண்ணப்பம் முடிவதற்கான கெடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது நீங்கள் கனடாவில் கால் வைப்பதற்கான கெடு. எல்லாம் முடிந்து உங்களுக்கு வரும் பி.ஆர். உறுதிப்படுத்தும் கடிதத்தில், அதாவது எல்லோரும் சி.ஓ.பி.ஆர். என்று சொல்கிற தாளில், ஒரு காலாவதித் தேதி இருக்கும். மெடிக்கல் முடியும் தேதி, பாஸ்போர்ட் முடியும் தேதி, இந்த இரண்டில் எது முந்தியோ அதை வைத்துத்தான் பொதுவாக அந்தத் தேதியைப் போடுகிறார்கள். அதை நீட்டித்துத் தருவதில்லை.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். அழைப்பு செப்டம்பர் 10-ஆம் தேதி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க 60 நாள், அதாவது நவம்பர் 9 வரை. செப்டம்பர் 25 அன்று நால்வரும் மெடிக்கல் எடுக்கிறீர்கள். அது அடுத்த வருஷம் செப்டம்பர் 25 வரை செல்லும். அக்டோபர் கடைசியில் விண்ணப்பம் போகிறது. ஆறு மாதத்தில் முடிப்பதுதான் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அவர்கள் வைத்திருக்கும் இலக்கு. அப்படியே நடந்தால் ஏப்ரல் கடைசியில் அனுமதி வரும். உங்கள் கையில் மிச்சம் இருப்பது ஐந்து மாதம். அதற்குள் வேலையை விட்டு, பள்ளியில் டி.சி. வாங்கி, வீட்டைக் காலி செய்து, விமானம் ஏற வேண்டும். விண்ணப்பம் இழுத்து ஒன்பது மாதம் ஆனால் மிச்சம் இரண்டு மாதம்தான். பரிசீலனை நடக்கும்போதே 12 மாதமும் தீர்ந்துவிட்டால் மறுபடி மெடிக்கல் எடுக்கச் சொல்லிக் கடிதம் வரலாம், அதற்கு மறுபடி கட்டணம்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இந்தியாவில் சிறுவர்களின் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான். உங்கள் மகளுடையது அடுத்த ஜூலையில் முடிகிறது என்றால், மெடிக்கல் செப்டம்பர் வரை இருந்தாலும் அவளுடைய தாளில் ஜூலைத் தேதிதான் வரும். ஆகவே இன்றைக்கே நான்கு பாஸ்போர்ட்டையும் மேசையில் விரித்து முடியும் தேதியைப் பாருங்கள். ஒன்றரை வருஷத்துக்குக் குறைவாக இருப்பதைப் புதுப்பித்துவிட்டு, புதுப் பாஸ்போர்ட்டோடு மெடிக்கலுக்குப் போங்கள். 60 நாளுக்குள் புதுப்பிக்க முடியாது போலிருந்தால் பழையதிலேயே எடுத்து விண்ணப்பித்துவிட்டு, புதியது கைக்கு வந்ததும் விண்ணப்பக் கணக்கு வழியாகத் தெரிவியுங்கள்.

அழைப்பு வருவதற்கு முன்பே மெடிக்கல் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று உங்களைப் போலவே காத்திருக்கும் நண்பர்கள் கேட்பார்கள். எடுக்கத் தடை இல்லை. ஆனால் அழைப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, கடிகாரமோ ஓட ஆரம்பித்துவிடும். அழைப்பு வந்தபின் எடுப்பதே நல்லது. அதே நேரம் தள்ளிப் போடவும் முடியாது. முன்பு சில காலம் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, அவர்கள் சொல்லும்போது மெடிக்கல் எடுக்கும் முறை இருந்தது. 2025 ஆகஸ்ட் 21 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி விண்ணப்பத்தோடே மெடிக்கல் எடுத்த சான்றும் போக வேண்டும். சான்று இல்லாத விண்ணப்பம் முழுமையடையாதது என்று திரும்பி வரலாம். பழைய அனுபவத்தை வைத்து "அவர்களே கேட்பார்கள், சும்மா இரு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சரி, கிளினிக்குக்கு வருவோம். கனடா அரசு அங்கீகரித்த டாக்டர்கள் மட்டுமே இதைச் செய்யலாம். பேனல் டாக்டர் என்பார்கள். உங்கள் குடும்ப டாக்டர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், பெரிய மருத்துவமனையில் முழு உடல் செக்கப் செய்த ரிப்போர்ட் கையில் இருந்தாலும் அது இங்கே செல்லாது. பட்டியல் கனடா குடிவரவுத் துறையின் இணையதளத்தில் இருக்கிறது. நாட்டையும் நகரத்தையும் தேர்ந்தெடுத்தால் டாக்டர் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் வரும். சென்னையில் உண்டு, பெங்களூரிலும் உண்டு. நீங்கள் திருச்சிக்காரர் என்பதால் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. எந்த ஊரில், ஏன் எந்த நாட்டில் உள்ள பேனல் டாக்டரிடம் எடுத்தாலும் ஒரே மதிப்புதான். துபாயில் வேலை செய்யும் கணவன் அங்கேயும், மனைவி சென்னையிலும் எடுப்பது சாதாரணமாக நடக்கிறது. அப்படி எடுக்கும்போது நாட்கள் மிகவும் விலகிப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யாருடையது முதலில் காலாவதியாகிறதோ, குடும்பம் முழுவதன் பயணமும் அந்தத் தேதியைப் பார்த்தே அமையும்.

பட்டியலை நீங்களே அன்றைக்குத் திறந்து பாருங்கள். ஏஜென்ட் அச்சடித்துக் கொடுத்த தாளையோ, சொந்தக்காரர் மூன்று வருஷத்துக்கு முன் போன இடத்தையோ நம்பிப் போகாதீர்கள். டாக்டர்கள் சேர்வார்கள், நீங்குவார்கள். கட்டணத்தை நிர்ணயிப்பதும் அந்தந்த இடம்தான். தொலைபேசியில் கேட்கும்போது, சொல்லும் தொகையில் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் அடக்கமா, சிறுவர்களுக்கு எவ்வளவு என்று தெளிவாகக் கேளுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்ப வராது. பதிவு செய்யும்போது "எக்ஸ்பிரஸ் என்ட்ரி, முன்கூட்டியே எடுக்கும் மெடிக்கல்" என்று சொல்லிவிடுங்கள். குடிவரவுத் துறையின் கடிதம் இல்லாமல் போகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பரிசோதனைகள் வயதைப் பொறுத்தவை. உங்கள் 4 வயது மகனுக்கு டாக்டர் கையால் பார்ப்பது மட்டும்தான்: எடை, உயரம், இதயம், நுரையீரல், வயிறு, வளர்ச்சி. ஊசி கிடையாது என்று அவனிடம் தைரியமாகச் சொல்லிக் கூட்டிப் போகலாம். சிறுநீர்ப் பரிசோதனை 5 வயதிலிருந்து, நெஞ்சு எக்ஸ்ரே 11 வயதிலிருந்து. ஆக மகளுக்கு இந்த இரண்டும் உண்டு. 15 வயதிலிருந்து ரத்தம் எடுப்பார்கள், எச்.ஐ.வி., சிபிலிஸ், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், இந்த மூன்றும் பார்ப்பார்கள். உங்களுக்கும் மனைவிக்கும் எல்லாமே உண்டு. அமெரிக்கக் குடியேற்ற மெடிக்கல் போலத் தடுப்பூசிக் கணக்கு இங்கே கேட்கப்படுவதில்லை. வெறும் வயிற்றில் போக வேண்டியதும் இல்லை, காலை இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம். மனைவிக்கு மாதவிலக்கு நாளாக இருந்தால் மட்டும் அப்பாயின்ட்மென்ட்டை ஒரு வாரம் தள்ளி வாங்குங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் மறுபடி கொடுக்கச் சொல்வார்கள், இன்னொரு முறை சென்னை போய்வர வேண்டியிருக்கும். கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும் எக்ஸ்ரேக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பிரசவம் வரை எக்ஸ்ரேயைத் தள்ளிவைக்க வழி இருக்கிறது, விண்ணப்பமும் அதுவரை காத்திருக்கும்.

பெண்கள் கேட்கக் கூச்சப்படுகிற ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சோதிப்பது இந்த மெடிக்கலில் இல்லை. மார்பைப் பார்க்க வேண்டியிருந்தால் ஏன், எப்படி என்று டாக்டர் முதலில் விளக்க வேண்டும். துணைக்கு ஒரு பெண் ஊழியர் அறையில் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். எந்த இடத்திலும் நிறுத்தச் சொல்லிக் காரணம் கேட்கலாம். இது உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் உள்ள உரிமை, வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

இப்போது உங்கள் பிரைமரி காம்ப்ளெக்ஸ். நம் ஊரில் டாக்டர்கள் குழந்தைக் காசநோயை அந்தப் பெயரில் சொல்லி ஆறு மாதம் மருந்து கொடுத்துவிடுவார்கள். பெற்றோரும் அதைக் காசநோய் என்றே நினைப்பதில்லை. அதனால் "காசநோய் இருந்ததா" என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். நீங்கள் ஆம் என்று சொல்லுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பழைய தழும்பு எக்ஸ்ரேயில் சுண்ணாம்புப் புள்ளியாகத் தெரியலாம். நீங்கள் இல்லை என்று எழுதி, படம் ஆம் என்று சொன்னால் பிரச்சினை நுரையீரலைவிட்டு நேர்மைக்குத் தாவிவிடும். தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் ஐந்து வருஷத் தடை. ஆறிப்போன பழைய காசநோய்க்காக யாரையும் மறுப்பதில்லை.

உங்களுக்கு நடக்கக்கூடியது இதுதான். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் அதோடு முடிந்தது. நிழல் ஏதாவது தெரிந்தால், அது பழையதா, இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கூடுதல் பரிசோதனை கேட்பார்கள். மூன்று நாள் சளி எடுத்து, கிருமி வளர்கிறதா என்று ஆய்வகத்தில் வைத்துப் பார்ப்பது அதில் முக்கியமானது. காசநோய்க் கிருமி மெதுவாக வளரும். அதனால் வளரவில்லை என்று உறுதியாகச் சொல்ல ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இதை எந்தச் சிபாரிசாலும் வேகப்படுத்த முடியாது. சளி கொடுக்கும்போது எச்சிலைத் துப்பிக் கொடுக்காமல், காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி நெஞ்சிலிருந்து வருவதைக் கொடுங்கள். சில நேரம் சில மாதம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்து, நிழல் மாறாமல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இங்கேதான் பழைய படங்கள் கைகொடுக்கும். பத்து வருஷத்துக்கு முன் வேலையில் சேரும்போது எடுத்த எக்ஸ்ரே பரணில் கிடந்தாலும் தேடி எடுங்கள். அன்றைக்கு இருந்த அதே தழும்பு இன்றைக்கும் அதே அளவில் இருக்கிறது என்று ரேடியாலஜிஸ்ட் பார்ப்பதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை. மாத்திரை சாப்பிட்டதற்குச் சீட்டு இல்லாவிட்டால் அந்த டாக்டரிடமோ மருத்துவமனையிலோ ஒரு கடிதம் கிடைக்குமா பாருங்கள். கிடைக்காவிட்டால் எந்த வருஷம், எத்தனை மாதம் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

கிருமி வளர்ந்தால்கூட விண்ணப்பம் செத்துப்போவதில்லை. சிகிச்சையை முழுதாக முடித்து, மறுபடி பரிசோதித்து, தொற்றாது என்று தெளிவாகும்வரை நிறுத்திவைக்கிறார்கள். பழைய தழும்பு என்று முடிவானவர்களுக்கு, கனடா வந்தபின் மாகாணப் பொதுச் சுகாதாரத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை வரலாம். பொதுவாக 30 நாளுக்குள் தொடர்புகொள்ள வேண்டும். கூப்பிடுவார்கள், பார்ப்பார்கள், அவ்வளவுதான். எனக்கே அந்தத் தாளைக் கொடுத்தார்கள். விமான நிலையத்தில் அதை வாங்கியபோது கை நடுங்கியது. பிறகு இரண்டு முறை போய் வந்ததோடு அது முடிந்துவிட்டது.

மனைவியின் சர்க்கரைக்குக் கேள்வி வேறு. கனடா மறுப்பதற்கு மருத்துவக் காரணங்கள் மூன்று: பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து, பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து, அரசின் மருத்துவ, சமூகச் சேவைகள் மேல் அதிகச் சுமை. சர்க்கரை தொற்றாது, ஆகவே மூன்றாவதை மட்டும் பார்க்க வேண்டும். அந்தச் சுமைக்கு வரம்பாக ஒரு தொகை வைத்திருக்கிறார்கள். 2018-ல் அதை மூன்று மடங்காக உயர்த்தினார்கள். 2025-க்கு அது ஆண்டுக்கு 27,162 கனடிய டாலர். மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கும் சர்க்கரைக்கு அவ்வளவு செலவு வருவதில்லை. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தேவைப்படும் நிலைதான் அந்தக் கோட்டைத் தாண்டும். கிரியேட்டினின் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சமீபத்திய எச்.பி.ஏ.1.சி. ரிப்போர்ட்டையும், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டு போங்கள். அங்கேயே காட்டிவிட்டால் தனியாகக் கேட்டு எழுதும் ஒரு சுற்று மிச்சமாகும். ஒருவேளை சுமை என்று அதிகாரி நினைத்தாலும் நேராக மறுப்பதில்லை. முதலில் ஒரு கடிதம் அனுப்பி, பதில் சொல்ல 90 நாள் தருவார்கள்.

டாக்டர் "பாஸ்" என்றோ "ஃபெயில்" என்றோ சொல்ல மாட்டார், வற்புறுத்திக் கேட்காதீர்கள். அவர் பார்த்ததை eMedical என்ற கணினி அமைப்பில் நேரடியாக ஏற்றிவிடுவார், முடிவெடுப்பது குடிவரவுத் துறை. உங்களிடம் தருவது ஒருவருக்கு ஒரு தகவல் தாள். சில இடங்களில் அதற்குப் பதில் IMM 1017B என்ற படிவம் வரும். அதுதான் நீங்கள் விண்ணப்பத்தில் ஏற்ற வேண்டிய சான்று. நால்வருக்கும் நான்கு தாள்.

அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் கிளினிக்கைவிட்டு வெளியே வராதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து, பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், புகைப்படம், மெடிக்கல் எண் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். நான் எடுத்த இடத்தில் என் பாஸ்போர்ட் எண்ணில் 6 இருக்க வேண்டிய இடத்தில் 8 என்று அடித்துவிட்டார்கள். நான் பார்க்கவில்லை. என் மெடிக்கல் என் விண்ணப்பத்தோடு சேராமல் ஏழு வாரம் எங்கோ நின்றது. நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியலைக் குடும்பப் பெயராக விரிப்பதில் இன்னும் அதிகம் தவறு நடக்கிறது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே தாளிலும் இருக்க வேண்டும். தவறு இருந்தால் அங்கேயே திருத்தி, புதுத் தாள் அச்செடுத்துத் தருவார்கள். நான்கையும் அன்று இரவே ஸ்கேன் செய்து, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே உள்ள இடத்தில் ஏற்றிவிடுங்கள். அம்மாவிடம் இருக்கப்போகிற மகனுடையதையும் சேர்த்து.